முறைப் பட்டியலும் தேதி மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடும் எங்கள் பேச்சு மன்றத்தில், யார் எந்தத் தேதியில் பேச வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பொறுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. சில நேரங்களில் அதே ஆட்களிடமிருந்து வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். உறுப்பினர்களின் பெயர்களைப் பொதுவில் போட விருப்பமில்லை என்பதால் அவரவர் ஊராலேயே சுட்டியிருக்கிறேன். மன்றத்தில் பாதிப் பேர் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைக்கிறோம்.

பட்டியலில் என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. எதில் நான் பேச வேண்டும்?

முதலில் இருக்கும் பெயர் பேச்சாளர். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயர் கருத்துரை சொல்பவர். பேச்சு 20 நிமிடம். கருத்துரை 10 நிமிடம். ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு, ஒரு கருத்துரை. அதனால்தான் பெயர் இரண்டு முறை வருகிறது. 2026 ஜூன் சுற்றின் முதல் பட்டியல் இது:

*பட்டியல் 1 (மே 24 அன்று வெளியிட்டது)*
ஜூன் 7 ஞாயிறு: பாகூர் | வில்லியனூர்
ஜூன் 14 ஞாயிறு: பண்ருட்டி | முதுநகர்
ஜூன் 21 ஞாயிறு: நெல்லிக்குப்பம் | அரியாங்குப்பம்
ஜூன் 28 ஞாயிறு: வில்லியனூர் | நெய்வேலி
ஜூலை 5 ஞாயிறு: முதுநகர் | மஞ்சக்குப்பம்
ஜூலை 12 ஞாயிறு: அரியாங்குப்பம் | பாகூர்
ஜூலை 19 ஞாயிறு: நெய்வேலி | பண்ருட்டி
ஜூலை 26 ஞாயிறு: மஞ்சக்குப்பம் | நெல்லிக்குப்பம்
ஆகஸ்ட் 2 ஞாயிறு: காலி

கடைசி வரியில் உள்ள 'காலி' தவறி விட்டுப்போனதல்ல. அதன் பயன் கீழே வரும். மீதிக் கேள்விகளுக்கும் இந்தப் பட்டியலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் ஞாயிறுதானே, ஒவ்வொரு வரியிலும் ஏன் கிழமை?

தேதி தப்பாக விழுந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். ஜூன் 28-க்குப் பிறகு ஏழு நாளைக் கூட்டும்போது, ஜூனுக்கு 30 நாள் என்பதை மறந்து ஜூலை 4 என்று தட்டச்சு செய்துவிடுவது மிக எளிது. 'ஜூலை 4' என்று மட்டும் இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். 'ஜூலை 4 ஞாயிறு' என்று இருந்தால், நாள்காட்டியைக் கிழிக்கும் பழக்கமுள்ள ஒரு பெரியவராவது அன்றைக்குச் சனிக்கிழமை ஆயிற்றே என்று கேட்பார்.

மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயராலேயே எழுதுவதற்கும் காரணம் இதுதான். 5/7 என்பதை ஜூலை 5 என்றும் படிக்கலாம், மே 7 என்றும் படிக்கலாம். அதேபோல் முறை மாற்றம் கேட்கும்போது 'அடுத்த வாரம்' என்று எழுதாதீர்கள். வியாழக்கிழமை எழுதினால் அது எந்த வாரம் என்று இருவரும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள்.

அழகாகக் கட்டம் போட்டு ஒரு படமாக அனுப்பக் கூடாதா?

அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் தேட முடியாது. எழுத்தாக இருந்தால் குழுவின் தேடல் பெட்டியில் உங்கள் பெயரைத் தட்டினாலே உங்கள் வரி வந்து நிற்கும். ஒரு தேதி மாறினால் படத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். எழுத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

எழுத்திலேயே இடைவெளி விட்டு வரிசை வரிசையாக நிறுத்துவதும் பலிக்காது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவையல்ல. என் கைப்பேசியில் நேராக நிற்பது எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவரின் கைப்பேசியில் உடைந்து இரண்டு வரியாகும். ஒரு தேதிக்கு ஒரு வரி, நடுவில் ஒரு கோடு என்று வைத்தால் எந்தத் திரையிலும் படிக்கலாம்.

என்னிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. எது சரி?

மேலே இருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரிய எண் உள்ளதே செல்லும். பட்டியல் 3 வந்துவிட்டால் 1, 2 இரண்டும் செல்லாது. அவற்றில் உங்கள் வரி மாறவே இல்லை என்றாலும் அவற்றைப் பார்க்க வேண்டாம்.

பழைய செய்தியையே திருத்திவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குள் திருத்தினாலும், ஏற்கெனவே யாராவது நகலெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தால் அந்த நகல் திருந்தாது. ஆகவே ஒரு மாற்றம் என்றால் ஒரு புதிய எண், முழுப் பட்டியல். 'ஜூன் 14 மட்டும் மாறியது' என்று ஒற்றை வரி அனுப்புவதில்லை. ஒற்றை வரிகள் நாலு சேர்ந்தால் அவற்றை யார் கூட்டிப் பார்ப்பது?

புதிய பட்டியலைக் குழுவின் மேலே பின் செய்கிறேன், பழையதை விலக்கிவிடுகிறேன். பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். எங்கள் சுற்று அதைவிட நீளம். ஜூன் முதல் வாரத்தில் பின் செய்தது ஜூலையில் தானாக மறையும். பட்டியலை யாரோ நீக்கிவிட்டார்கள் என்று அப்போது பதற வேண்டாம், மறுபடி பின் செய்வேன்.

தேதி போடுவதற்கு முன்பே எங்களைக் கேட்டிருந்தால் இவ்வளவு மாற்றம் வராதே?

கேட்கிறோம். சுற்று தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு, 'உங்களால் முடியாத ஞாயிறுகள் எவை' என்று ஒரு செய்தி வரும். அதிகபட்சம் மூன்று தேதிகளைச் சொல்லலாம். பதில் சொல்லாதவருக்கு எல்லா ஞாயிறும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். 'உங்களுக்கு எந்த நாள் வசதி' என்று கேட்டுப் பார்த்தால் எல்லாரும் கடைசி ஞாயிறைத்தான் சொல்வார்கள்.

பட்டியல் போடும்போது குறைந்த ஞாயிறுகள் மிஞ்சியிருப்பவரை முதலில் வைக்க வேண்டும். நெய்வேலிக்காரர் ஷிப்டு பார்த்துத்தான் வர முடியும். அவருக்கு இடம் கண்டுபிடித்த பிறகே மற்றவர்கள். கூட்டம் நடக்கும் தெருவிலேயே குடியிருக்கும் மஞ்சக்குப்பத்து அம்மாவைக் கடைசியில் மிஞ்சும் தேதியில் வைக்கலாம். அகர வரிசையில் நிரப்பினால் கடைசியில் ஒருவர் தமக்கு முடியாத ஒரே தேதியில் போய் நிற்பார்.

கேட்டும் மறந்துபோகிற தேதிகள் சில உண்டு. முகூர்த்த ஞாயிறு முதலாவது. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் வரிசையாகத் திருமணங்கள் நடக்கும். நம்மில் ஒருவருக்காவது அதில் ஒன்றில் வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, புதுச்சேரி நாள்கள். நம் உறுப்பினர்களில் மூன்று பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். ஆகஸ்ட் 16 புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள். நவம்பர் 1 அங்கே 1954-ஐ நினைவுகூரும் விடுதலை நாள். தமிழ்நாட்டு நாள்காட்டியை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இவை கண்ணில் படாது. 2026-இல் இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. பாகூர் ஆசிரியை மாணவர்களோடு விழாவுக்குப் போக வேண்டியிருக்கும். அந்தத் தேதிகளில் அவரை வைக்கக் கூடாது.

அன்று என்னால் வர முடியாது. உங்களிடம் சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. மாற்று ஆளைத் தேடுவது உங்கள் வேலை. பட்டியலில் ஏற்றுவது என் வேலை. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எட்டுப் பேருடைய குடும்ப விசேஷங்களையும் நான் ஒருத்தியே பேசித் தீர்க்க வேண்டும் என்றால், அந்தப் பேச்சுவார்த்தையிலேயே சுற்று முடிந்துவிடும்.

வழி இதுதான். பட்டியலைப் பார்த்து, உங்களுக்கு வசதியான தேதியில் இருப்பவரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். குழுவில் 'யாராவது மாற்றிக்கொள்கிறீர்களா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவாகக் கேட்டால் ஒன்று, யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் 'நான் வருகிறேன்' என்பார்கள். இரண்டாவது இன்னும் சங்கடம். ஒருவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே.

அவர் ஒத்துக்கொண்டதும் நீங்கள் குழுவில் எழுதுங்கள்: 'முறை மாற்றம்: ஜூன் 14 பண்ருட்டி, ஜூலை 5 முதுநகர். இரண்டும் இடம் மாறுகின்றன.' மற்றவர் அதன் கீழேயே 'சம்மதம், ஜூன் 14 நான் பேசுகிறேன்' என்று எழுத வேண்டும். தேதியைத் தம் கையால் எழுதுவது முக்கியம்.

வயதில் மூத்தவர்களிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

தொலைபேசியில் கேட்பதைவிட இதற்கு எழுத்துச் செய்தி நல்லது. நேரில் கேட்டால் அவர்களுக்கு முடியாது என்று சொல்லச் சங்கடம். ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு வீட்டில் திட்டு வாங்குவார்கள். இப்படி எழுதலாம்:

'வணக்கம் ஐயா. ஜூன் 14 ஞாயிறு என் முறை. அன்று பலாச் சரக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் பண்ருட்டியை விட்டு வர முடியவில்லை. ஜூலை 5 உங்கள் முறை. நாம் இருவரும் மாற்றிக்கொள்ள இயலுமா? இயலாவிட்டாலும் தவறில்லை ஐயா. திங்கள் இரவுக்குள் தெரிவித்தால் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்வேன்.'

இதில் நாலு விஷயங்கள் இருக்கின்றன: இரண்டு தேதிகள், ஒரு வரியில் காரணம், மறுக்க வழி, பதிலுக்குக் கெடு. காரணத்தை ஒரு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம். நீளமான காரணம் எழுதினால், 'சரக்கை மறுநாள் ஏற்றக் கூடாதா' என்று அதற்குத்தான் பதில் வரும், தேதிக்கு வராது.

அவர் கட்டைவிரல் போட்டுவிட்டார். அது சம்மதம் இல்லையா?

இல்லை. கட்டைவிரலுக்குப் 'பார்த்துவிட்டேன்' என்றும் பொருள் உண்டு. பேரன் கையில் கைப்பேசி இருந்தது என்றும் பொருள் உண்டு. கைகூப்பிய படமும் அப்படியே. தேதியோடு எழுதிய சம்மதம் வரும்வரை பழைய முறையே நிற்கும்.

மாற்றம் சொல்லக் கடைசி நேரம் ஏன் புதன் இரவு 9 மணி? வெள்ளி வரை கொடுக்கலாமே?

ஞாயிறு பேசுபவர் வியாழன் காலையில் தலைப்பையும் நாலைந்து வரிச் சுருக்கத்தையும் கருத்துரை சொல்பவருக்கு அனுப்ப வேண்டும். கருத்துரை சொல்பவர் அதைப் பார்த்துத்தான் ஏதாவது படித்துவிட்டு வருவார். வெள்ளிக்கிழமை பேச்சாளர் மாறினால் தலைப்பும் மாறும். சனிக்கிழமை ஒரு நாளில் கருத்துரை தயாராகாது. கருத்துரை 'மிக நன்றாகப் பேசினார்' என்று இரண்டே வரியில் முடிந்துபோனால், பெரும்பாலும் அந்த வாரம் மாற்றம் தாமதமாக வந்திருக்கும்.

புதன் 9 மணிக்குள் இரண்டு பேரின் எழுத்தும் குழுவில் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டது புதன், அவர் சம்மதம் சொன்னது வியாழன் என்றால் அது அந்த ஞாயிறுக்குச் செல்லாது. அதற்குப் பிறகு வருவது முறை மாற்றம் அல்ல, அவசரம். அதற்குத் தனி வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பேச்சை மாற்றிக்கொண்டால் என் கருத்துரை முறையும் சேர்ந்து போய்விடுமா?

போகாது. எதை மாற்றினீர்களோ அது மட்டுமே மாறும். பேச்சை மாற்றினால் பேச்சு. கருத்துரை அதே தேதியில் அதே ஆளிடம் இருக்கும். இது எளிய விதிதான், ஆனால் இதில்தான் அதிகச் சிக்கல் வருகிறது. மேலே சொன்ன பண்ருட்டி–முதுநகர் மாற்றத்தையே பாருங்கள்.

பண்ருட்டிக்காரர் ஜூன் 14-ஐ முதுநகர் ஐயாவுக்குக் கொடுத்து ஜூலை 5-ஐ வாங்கிக்கொண்டார். இருவருக்கும் திருப்தி, குழுவில் இருவரும் எழுதிவிட்டார்கள். பட்டியலில் ஏற்றிப் பார்த்தால் ஜூன் 14 வரி இப்படி நிற்கிறது: 'முதுநகர் | முதுநகர்'. அன்றைய கருத்துரை ஏற்கெனவே அவருடையது. தம் பேச்சுக்குத் தாமே கருத்துரை சொல்ல வேண்டும்.

சரி, கருத்துரையைப் பண்ருட்டிக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று உடனே தோன்றும். அவர் அன்று பண்ருட்டியை விட்டு வர முடியாது; அதற்காகத்தானே இந்த மாற்றமே. ஆகவே மூன்றாவது ஆள் வேண்டும். அடுத்த வாரம், ஜூன் 21 அன்று கருத்துரை அரியாங்குப்பத்து அக்காவுடையது. முதுநகர் ஐயா அவரிடம் கேட்டுக் கருத்துரைத் தேதிகளை மாற்றிக்கொண்டார். இப்போது ஜூன் 14 'முதுநகர் | அரியாங்குப்பம்', ஜூன் 21 'நெல்லிக்குப்பம் | முதுநகர்', ஜூலை 5 'பண்ருட்டி | மஞ்சக்குப்பம்'. இதுதான் பட்டியல் 2.

ஆக, ஒரு மாற்றத்துக்காக இரண்டு மாற்றம், நாலு சம்மதச் செய்தி. இதைத் தவிர்க்க, யாரையும் கேட்பதற்கு முன்பு நீங்கள் விட்டுக்கொடுக்கும் தேதியின் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர்க்காரரிடம் பேச்சை மாற்றக் கேட்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் தேதியில் உங்கள் பெயரே கோட்டுக்குப் பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரடியாக நெல்லிக்குப்பத்தோடு மாற்றியிருந்தால் எந்த மோதலும் வந்திருக்காது. முதுநகர் ஐயா தொலைபேசியை உடனே எடுப்பார் என்பதால் அவரை அழைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்று பேர் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். வில்லியனூர் அம்மாவுக்கு ஜூன் 28 திருவந்திபுரத்தில் உறவினர் திருமணம். ஜூலை 12 பெண் வீட்டில் விருந்து. அவருக்கு வசதியானது ஜூலை 19, நெய்வேலிக்காரருடைய தேதி. நேரடியாக மாற்ற முடியவில்லை. ஏனென்றால் ஜூன் 28 அன்று கருத்துரை நெய்வேலிக்காரருடையது, முந்தைய பதிலில் சொன்ன அதே மோதல். ஆனால் அவர் ஜூலை 12-க்கு வரத் தயார். ஜூலை 12-இல் இருக்கும் அரியாங்குப்பத்து அக்கா ஜூன் 28-க்கு ஒத்துக்கொண்டார்.

இதை அவர்கள் எனக்கு அனுப்பிய விதம்: 'வில்லியனூர் நெய்வேலிக்கு, நெய்வேலி அரியாங்குப்பத்துக்கு, அரியாங்குப்பம் வில்லியனூருக்கு.' பஸ் மார்க்கம் மாதிரி இருந்ததே தவிர யாருக்கு எந்தத் தேதி என்று புரியவில்லை. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று எழுதாதீர்கள். மாற்றத்துக்குப் பின் எந்தத் தேதியில் யார் என்று எழுதுங்கள்:

ஜூன் 28: அரியாங்குப்பம்
ஜூலை 12: நெய்வேலி
ஜூலை 19: வில்லியனூர்

மூன்று தேதி, மூன்று பெயர், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒரு பெயர் இரண்டு முறை வந்தாலோ ஒரு தேதி விட்டுப்போனாலோ எங்கோ தவறு. மூவரும் தனித்தனியே சம்மதம் எழுத வேண்டும். இருவர் எழுதி ஒருவர் எழுதாவிட்டால் மூன்றுமே மாறாது. பாதி மாற்றம் என்று ஒன்று கிடையாது. கோட்டுக்குப் பின்னால் பார்த்தேன்: ஜூன் 28 நெய்வேலி, ஜூலை 12 பாகூர், ஜூலை 19 பண்ருட்டி. மோதல் இல்லை. பட்டியல் 3 வெளியானது. நாலு பேர் வட்டமாக மாற்றிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. விதி ஒன்றும் இல்லை, எனக்குப் பொறுமை இல்லை.

ஒருவர் வரவில்லை என்றால் எல்லாரையும் ஒரு வாரம் தள்ளிவிட வேண்டியதுதானே?

கேட்க எளிதாக இருக்கிறது. ஜூன் 14 பேச்சாளர் வரவில்லை என்று தள்ளினால் அதற்குப் பின் உள்ள ஆறு பேருக்கும் தேதி மாறும். அவர்களில் யார் யார் 'முடியாத ஞாயிறு' என்று சொன்ன தேதியில் போய் விழுகிறார்களோ தெரியாது. வில்லியனூர் அம்மா அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஜூலை 19, ஜூலை 26 ஆகிவிடும். கருத்துரைத் தேதிகளையும் சேர்த்துத் தள்ளுவதா, விட்டுவிடுவதா என்பது அடுத்த சண்டை. ஒருவருடைய தொல்லையை ஆறு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பது இது.

அதனால்தான் சுற்றின் கடைசியில் ஒரு காலி ஞாயிறு. தேதிகள் அசையாது, பெயர் மட்டும் நகரும். வராதவர் ஆகஸ்ட் 2-க்குப் போவார், மற்றவர்கள் இருந்த இடத்தில் இருப்பார்கள். ஒரே சுற்றில் இருவர் விட்டுப்போனால் ஆகஸ்ட் 2 அன்று இருவரும் ஆளுக்கு 12 நிமிடம் பேசுவார்கள். யாரும் விட்டுப்போகவில்லை என்றால் அன்று திடீர்த் தலைப்பு: சீட்டு எடுத்து ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த மாலைகளுக்குத்தான் அதிகக் கூட்டம் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை இரவு காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது யாரிடம் போய் மாற்றுவது?

யாரிடமும் போக வேண்டாம். எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேர் கைவசம் ஒரு பேச்சை வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பேசுவார். அது அவருடைய முறையாகக் கணக்கில் வராது. அவர் தேதி அவருக்கு அப்படியே உண்டு. உங்கள் பேச்சு காலி ஞாயிறுக்குப் போகும்.

வரப்போகும் வாரத்துப் பேச்சாளரை ஒரு வாரம் முன்னால் இழுத்துவந்து நிறுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அரைகுறைத் தயாரிப்போடு அவர் இந்த வாரமும் திணறுவார். அடுத்த வாரம் வேறு காலியாகிவிடும். ஒரு ஓட்டைக்கு இரண்டு ஓட்டை.

மழைக்காலத்தில் கூட்டமே நடக்காவிட்டால்?

அன்றைய பேச்சாளரும் அன்றைய கருத்துரையாளரும் சேர்ந்து காலி ஞாயிறுக்குப் போவார்கள். மற்ற வரிகள் அசையாது. அக்டோபர்–டிசம்பர் சுற்றில் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு காலி ஞாயிறு விடுகிறேன். நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்று போதாது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் ஞாயிறு. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையிலும் வெள்ளம். அப்படிப்பட்ட வாரத்தில் முறை யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த வாரம் நிச்சயம் கேட்பார்கள்.

ரத்து என்பதை ஞாயிறு காலை 10 மணிக்கு அறிவிப்பேன். அதற்கு முன் 'மழை பெய்கிறதே, கூட்டம் உண்டா' என்று குழுவில் கேட்க வேண்டாம். கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கூட்டம் இல்லை என்று முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

நடுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்போது முறை வரும்?

அடுத்த சுற்றில். அவசரம் என்றால் கைவசப் பேச்சாளராகப் பெயர் கொடுக்கலாம்.

மாற்றி வாங்கிய தேதியை மறுபடி மாற்றலாமா?

ஒரு சுற்றில் ஒருவர் தாமாகக் கேட்டு ஒரு முறைதான் மாற்றலாம். வாங்கிய தேதியும் முடியவில்லை என்றால் நேராகக் காலி ஞாயிறு. பிறர் கேட்டதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்தது இந்தக் கணக்கில் சேராது. முதுநகர் ஐயா பண்ருட்டிக்காக மாற்றினார், பிறகு கருத்துரைக்காக அலைந்தார். அவருடைய சொந்த மாற்றம் இன்னும் அவரிடம் மிச்சம் இருக்கிறது.

நல்ல மனம் உள்ளவரிடம்தான் எல்லாரும் கேட்பார்கள். ஒரே ஆள் சுற்றுக்கு இரண்டு தடவை விட்டுக்கொடுத்துவிட்டால் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். புள்ளி உள்ளவரிடம் அந்தச் சுற்றில் கேட்கக் கூடாது. 'எனக்கு ஆட்சேபணை இல்லை அம்மா' என்று அவரே சொன்னாலும் புள்ளியை எடுப்பதில்லை.

இருவரும் குழுவில் சம்மதம் எழுதிவிட்டோம், ஆனால் புதிய பட்டியல் வரவில்லை. எது செல்லும்?

பட்டியல்தான். சம்மதம் எழுதியது கோரிக்கை. புதிய எண்ணோடு பட்டியல் வந்தால்தான் மாற்றம். பெயர் மோதல், ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம், புள்ளி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற முடியும். அன்றிரவே செய்துவிடுவேன். 24 மணி நேரத்தில் வராவிட்டால் நான் பார்க்கவில்லை என்று பொருள், தயங்காமல் அழையுங்கள்.

புதன் 9 மணிக்குள் நீங்கள் இருவரும் எழுதிவிட்டு, நான்தான் ஏற்றாமல் விட்டேன் என்றால் உங்கள் மாற்றம் செல்லும். தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஒரே புதன்கிழமை ஒரே தேதிக்கு இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் வந்தால், இரண்டாவது சம்மதம் எந்த ஜோடியில் முதலில் விழுந்ததோ அந்த ஜோடிக்குத் தேதி. கோரிக்கையை முதலில் போட்டவருக்கு அல்ல. குழுவில் செய்திக்குக் கீழே இருக்கும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வேன். மற்ற ஜோடி பழைய முறையிலேயே பேச வேண்டும்.